லென்ஸ் எரர், கார்டு எரர்: கேமரா தானே அணைந்துபோவது ஏன்?

சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்றை ஆன் செய்தால் லென்ஸ் குழாய் பாதி வெளியே வந்து நின்றுவிடுகிறது. கரகரவென்று ஒரு சத்தம் கேட்கிறது. திரையில் “Lens error, restart camera” என்ற வரி தோன்றுகிறது, கேமரா தானாகவே அணைந்துபோகிறது. வேறொரு கேமராவில் “Memory card error” என்று வருகிறது. இன்னொன்றில் எந்த வரியும் வருவதில்லை. நிறுவனத்தின் பெயர் ஒளிர்கிறது, அணைகிறது, மறுபடி ஒளிர்கிறது. அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த பழைய பாக்கெட் கேமராக்களை இளைஞர்கள் தேடி எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பதால், இந்த மூன்று தொல்லைகளும் இப்போது மீண்டும் அதிகமாகக் கண்ணில் படுகின்றன.

திரையில் வரும் வரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்கும் திறன் கேமராவுக்கு அநேகமாகக் கிடையாது. ஒரு வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, அது முடிந்ததற்கான அறிகுறிக்காக அது காத்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் அறிகுறி வராவிட்டால், கைவசம் உள்ள சில வரிகளில் பொருத்தமான ஒன்றைக் காட்டுகிறது. ஆகவே “Lens error” என்பதற்கு லென்ஸ் கெட்டுவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. லென்ஸ் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். போகாததற்கு லென்ஸும் காரணமாக இருக்கலாம், பேட்டரியும் காரணமாக இருக்கலாம்.

லென்ஸ் எப்படி நகர்கிறது

பாக்கெட் கேமராவின் லென்ஸ், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு மூன்று குழாய்களால் ஆனது. குழாய்களின் சுவரில் சாய்வான தடங்கள் வெட்டப்பட்டிருக்கும், அவற்றில் சின்னஞ்சிறு முளைகள் ஓடும். ஒரு சிறிய மோட்டார் பிளாஸ்டிக் பற்சக்கரங்களைச் சுற்ற, வெளிக்குழாய் திரும்ப, முளைகள் தடத்தில் ஏறி லென்ஸை முன்னால் தள்ளுகின்றன. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஒளியால் இயங்கும் ஒரு சிறு உணரி எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை எதிர்பார்த்தபடி ஏறாமல் நின்றுவிட்டால், எங்கோ தடை இருக்கிறது என்று கேமரா முடிவு செய்கிறது. அதற்கு மேலும் மோட்டாரை ஓட்டினால் பற்சக்கரத்தின் பல் உடையும், அல்லது மோட்டார் சூடேறிக் கருகும். அதனால்தான் கேமரா தன்னை அணைத்துக்கொள்கிறது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. இதை அறியாமல் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பவர்கள், சிறு தடையாக இருந்ததைப் பெரிய பழுதாக்கிவிடுகிறார்கள்.

தடைக்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு. கடற்கரை மணல் அவற்றில் முதன்மையானது. குழாய்களுக்கு இடையே உள்ள இடைவெளி மயிரிழை அளவுதான், அங்கே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும். லென்ஸ் நீண்டிருக்கும்போது கேமரா கீழே விழுந்தால், முளைகளில் ஒன்று தடத்தை விட்டு வெளியேறிவிடும். அப்போது முன்வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கைப்பைக்குள் இருக்கும்போது பொத்தான் தானாக அழுந்தி, நீள இடமில்லாமல் லென்ஸ் முட்டி நிற்பதும் உண்டு. இவை தவிர, லென்ஸுக்குள் ஓடும் நாடா போன்ற மெல்லிய மின்தகடு பல ஆண்டுகள் மடங்கி மடங்கி விரிசல் விடும். அப்படி விரிசல் விட்டால், மோட்டார் நன்றாக ஓடினாலும் அதன் செய்தி கேமராவின் மூளைக்குப் போய்ச் சேராது.

சந்தேகம் முதலில் பேட்டரி மேல்

இத்தனை காரணங்கள் இருந்தாலும், பழைய கேமராவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியைத்தான். பாக்கெட் கேமராக்களில் உள்ள லித்தியம் பேட்டரி பெரும்பாலும் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருக்கும், முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட் வரை காட்டும். வயதான பேட்டரியும் சார்ஜரில் வைத்தால் அதே 4.2 வோல்ட்டைக் காட்டும், சார்ஜர் பச்சை விளக்கும் எரியும். ஆனால் அதன் உள்தடை கூடியிருக்கும். லென்ஸ் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதிக மின்னோட்டம் இழுக்கப்படும்போது, பேட்டரியின் வோல்ட் சட்டென்று விழும். பழைய மோட்டார் சைக்கிளில் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. அதே கதைதான் இங்கும். வோல்ட் விழுந்ததும் லென்ஸ் நடுவழியில் நிற்கிறது, கேமரா “Lens error” என்கிறது. இன்னும் கீழே விழுந்தால் மூளைச் சில்லே நின்றுபோய் மறுபடி தொடங்குகிறது. அதுதான் லோகோ வந்து வந்து போகும் நிலை. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் ஜூம் செய்யும்போதும் மட்டும் கேமரா அணைகிறது என்றால், பேட்டரி மேல் உள்ள சந்தேகம் உறுதிப்படுகிறது.

பென்சில் செல் போடும் கேமராக்களில் இதே தொல்லை வேறு வடிவில் வரும். கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல்கள் இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் 1.2 வோல்ட்தான் என்றாலும் கேமராவுக்கு அவையே பொருத்தம். சில கேமராக்களில் எந்த வகை செல் போடப்பட்டிருக்கிறது என்று மெனுவில் குறிப்பிட வேண்டும், அதை மாற்றாமல் விட்டால் நல்ல செல்லையும் தீர்ந்துபோனதாகவே கேமரா எண்ணும்.

பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. கேமராவுக்குள் இறுகிக்கொண்டு வெளியே வர மறுக்கும் பேட்டரியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்பக் கூடாது. லித்தியம் பேட்டரியின் உறை கிழிந்தால் தீப்பிடிக்கும்.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தல்

காரணத்தைக் கண்டறியும் வழி எளிது. ஒரு பாகத்தை விலக்கிவிட்டுக் கேமரா எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு அடுத்ததை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

2008 வாக்கில் வாங்கிய ஒரு பாக்கெட் கேமராவை எடுத்துக்கொள்வோம். கூட வந்த ஒரே பேட்டரி. பல ஆண்டுகள் அலமாரியில் உறக்கம். உரிமையாளர் புதிதாக ஒரு 64 ஜிபி மெமரி கார்டு வாங்கிப் போடுகிறார். ஆன் செய்தால் ஒரு முறை லென்ஸ் எரர், மறு முறை கார்டு எரர். இரண்டும் மாறி மாறி வருவதால் கேமரா மொத்தமும் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதலில் பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பேட்டரியின் உலோகப் பட்டைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, முழுதாகச் சார்ஜ் செய்து, கார்டு இல்லாமல் மறுபடி போட வேண்டும். இப்போது ஆன் பொத்தானுக்குப் பதிலாக, எடுத்த படங்களைப் பார்ப்பதற்கான முக்கோணப் பொத்தானை அழுத்த வேண்டும். பல பாக்கெட் கேமராக்கள் இப்படி ஆன் செய்தால் லென்ஸை நீட்டாமலேயே திரையை இயக்கும். நம் கேமராவில் திரை ஒளிர்கிறது, கார்டு இல்லை என்ற செய்தி வருகிறது, ஐந்து நிமிடமானாலும் அணையவில்லை. ஆகவே மூளைப் பலகையும் திரையும் நலம் என்று கொள்ளலாம். இங்கேயே அணைந்து அணைந்து எழுந்திருந்தால் லென்ஸுக்கும் கார்டுக்கும் அதில் பங்கில்லை என்று ஆகியிருக்கும்.

அடுத்து, கார்டு இல்லாமலே படம் எடுக்கும் நிலையில் ஆன் செய்கிறோம். லென்ஸ் தயங்கித் தயங்கி வெளியே வருகிறது, ஆனால் ஜூம் செய்ததும் கேமரா அணைந்துவிடுகிறது. அதே மாடலுக்கான புதிய பேட்டரியைப் போட்டால் லென்ஸ் தடையின்றி ஓடுகிறது. லென்ஸ் எரருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு 64 ஜிபி கார்டைப் போட்டதும் கார்டு எரர் திரும்ப வருகிறது. பழைய 8 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டால் வருவதில்லை. லென்ஸும் சரி, கேமராவும் சரி. பேட்டரி வயதானது, கார்டு வேறு தலைமுறையைச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

கார்டின் தலைமுறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எஸ்டி கார்டுகளில் தொடக்க வகை 2 ஜிபி வரை. 2006-இல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல். மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு, ஒரே பொந்தில் நுழையும். புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமரா புதிய வகைக் கார்டை ஏற்காது. 2006-க்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜிபி அல்லது அதற்கும் சிறிய கார்டு, 2009-க்கு முந்தைய கேமராவுக்கு 32 ஜிபிக்கு மேற்படாத கார்டு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது.

புதிய பேட்டரி போட்டும் லென்ஸ் நகராவிட்டால்

அப்போது தடை இயந்திரத்தில்தான் இருக்கிறது. மணல் என்று சந்தேகம் இருந்தால் மீண்டும் ஆன் செய்யாமல் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். லென்ஸ் தரையை நோக்கி இருக்கும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டு, குழாய் இடைவெளியைச் சுற்றிலும் ரப்பர் ஊதுபந்தால் காற்றடிக்க வேண்டும். மென்மையான தூரிகையால் வட்டமாகத் துடைத்துவிட்டு மறுபடி காற்றடிக்கலாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். டப்பாவில் அடைத்த காற்று மிகுந்த விசையோடு வருவதால் துகளை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பிறகு லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்போதே ஒரே ஒரு முறை ஆன் செய்து பார்க்க வேண்டும். கரகர சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இணையத்தில் வலம் வரும் சில வைத்தியங்கள் ஆபத்தானவை. லென்ஸைப் பிடித்து இழுப்பது, உள்ளங்கையில் கேமராவைத் தட்டுவது, குழாயைத் திருகுவது ஆகியவை சில நேரம் பலித்துவிடும், அதனாலேயே பரவுகின்றன. பலிக்காதபோது பல் உடைகிறது, முளை கழன்றுவிடுகிறது. எண்ணெய் விடுவது அதைவிட மோசம். குழாயில் விட்ட எண்ணெய் மெல்லப் பரவி ஷட்டர் இதழ்களை ஒட்டவைத்துவிடும். ஏசி அறையிலிருந்து வெளிப்புழுக்கத்துக்கு வந்ததால் ஈரம் படிந்திருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைப்பது போதும். அரிசிக்குள் புதைத்தால் அதன் மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை: ஃபிளாஷ் உள்ள கேமராவின் திருகுகளைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. ஃபிளாஷுக்கான மின்தேக்கி ஏறக்குறைய 300 வோல்ட்டைச் சேர்த்து வைத்திருக்கும். பேட்டரியை எடுத்த பின்னும் அந்த மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். விரல் பட்டால் பலமாக ஷாக் அடிக்கும். கேமரா கையளவுதானே என்ற எண்ணம் இங்கே உதவாது.

லென்ஸ் கழற்றும் கேமராவில்

டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவில் நிலைமை சற்று மாறுகிறது. கேனன் கேமராக்களில் வரும் “Err 01” என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சு அறுந்துவிட்டது என்பதைக் குறிக்கிறது. லென்ஸின் பின்புறம் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பட்டைகள் கேமராவின் ஊசிகளைத் தொடும் இடத்தில் வியர்வையோ தூசியோ படிந்தாலும் இது வரும். கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் அந்தப் பட்டைகளைத் துடைத்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தங்கப்பூச்சு போய், பிறகு நிரந்தரத் தொல்லையாகிவிடும்.

துடைத்தும் போகவில்லை என்றால், கையிலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை உண்டு. லென்ஸின் துவாரத்தை மிகப் பெரியதாக, அதாவது F4 போன்ற அதன் மிகச் சிறிய எண்ணில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு F8-இல் ஒன்று. முதல் படம் விழுந்து, இரண்டாவதில் எரர் வந்தால், குற்றம் துவாரத்தைச் சுருக்கும் இதழ்களிலோ அவற்றுக்குப் போகும் நாடாவிலோதான். நோக்கும்போதும் ஃபோகஸ் செய்யும்போதும் துவாரம் முழுதாகத் திறந்தே இருக்கும். படம் விழும் கணத்தில் மட்டும் சுருங்கும். அதனால்தான் பொத்தானை அழுத்தும் வரை எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றுகிறது. கேனனின் 17-85 மிமீ ஜூம் லென்ஸ் இந்த நாடாப் பழுதுக்குப் பெயர் போனது. பழுது பார்க்கும் வரை முழுத் திறப்பில் மட்டும் படம் எடுத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. வேறு லென்ஸ் மாட்டினால் எரர் வருவதில்லை என்றால் கேமரா உடம்பில் பழுதில்லை என்பதும் உறுதியாகிவிடும்.

கார்டு எரர்

லென்ஸ் எரரில் போவது பணம் மட்டும். கார்டு எரரில் படங்கள் போகலாம், அதனால் அவசரம் காட்டக் கூடாத இடம் இதுதான். கார்டை ஃபார்மட் செய்யவா என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அணைத்து, கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய காரணங்கள் இரண்டு. கார்டின் ஓரத்தில் உள்ள சிறு நகர்த்தி “Lock” பக்கம் தள்ளப்பட்டிருக்கலாம். அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கேமராவின் பொந்துதான் உணர்கிறது. நகர்த்தி தளர்ந்துபோன கார்டு, உள்ளே நுழைக்கும்போதே தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, பின்புறத் தொடுபட்டைகளில் உள்ள அழுக்கு. மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டருக்குள் வைத்துப் போடுபவர்களுக்குத் தொடும் இடங்கள் இரண்டு மடங்காகின்றன, தொல்லையும் அப்படியே.

கண்ணுக்குத் தெரியாத காரணம், கார்டின் கோப்பு அட்டவணை குலைந்துபோவது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு ஓரிடத்திலும் படங்கள் வேறிடத்திலும் எழுதப்படுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தாலோ, சிவப்பு விளக்கு மினுங்கும்போதே கார்டை உருவினாலோ, அட்டவணை அரைகுறையாக நின்றுவிடும். சில கேமராக்கள் ஆன் ஆகும்போதே இந்த அட்டவணையைப் படிக்க முயன்று, திணறி, அணைந்து எழும். கார்டை எடுத்ததும் சாதுவாக ஆன் ஆகும் கேமராவின் பிரச்சினை இதுதான். வயதான பேட்டரி இங்கேயும் மறைமுகக் காரணமாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கார்டைக் கார்டு ரீடர் வழியாகக் கணினியில் பார்க்க வேண்டும். படங்கள் தெரிந்தால் உடனே நகலெடுத்துவிடலாம். “You need to format the disk” என்று விண்டோஸ் கேட்டால் “Cancel” கொடுக்க வேண்டும். பிழைதிருத்தவா என்று கேட்டாலும் இப்போது வேண்டாம். அட்டவணை போயிருந்தாலும் படங்களின் தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். PhotoRec என்ற இலவச மென்பொருள் அட்டவணையைப் பார்க்காமல், ஒவ்வொரு படக்கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி மீட்டெடுக்கும். கோப்புகளின் பழைய பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும். மீட்ட படங்களைக் கணினியின் வட்டில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் எழுதினால், மீட்க வேண்டிய படங்களின் மேலேயே எழுதியதாகிவிடும். கார்டைக் கணினியே கண்டுகொள்ளவில்லை என்றால் வீட்டு வைத்தியத்துக்கு வழியில்லை. படங்கள் முக்கியமானவை என்றால் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

படங்கள் பத்திரமான பிறகு, கார்டைக் கணினியில் அல்லாமல் கேமராவின் மெனுவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். அதற்குப் பின்னும் எரர் வரும் கார்டைத் தூக்கி எறிவதே சிக்கனம்.

போலிக் கார்டுகள் தனி ரகம். உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்க, 128 ஜிபி என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி அவற்றைத் திருத்தி விற்கிறார்கள். உண்மையான கொள்ளளவு தீரும் வரை எல்லாம் சரியாக நடக்கும்; அதன் பிறகு எடுக்கும் படங்கள் திறக்காது. பாதி நிகழ்ச்சி வரை ஒழுங்காக இருந்து பிறகு வரும் கார்டு எரருக்கு இது முக்கியமான காரணம். விண்டோஸில் இயங்கும் H2testw என்ற இலவச மென்பொருள், காலிக் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் முன் புதிய கார்டை ஒரு முறை இப்படிச் சோதிப்பது வீணாகாது.

எதிலும் சேராத மறுதொடக்கம்

நல்ல பேட்டரி போட்டு, கார்டை எடுத்து, லென்ஸையும் கழற்றிய பிறகும் கேமரா அணைந்து அணைந்து எழுந்தால், பார்க்க வேண்டியது பேட்டரி மூடி. மூடி மூடியிருக்கிறதா என்று உணர உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். கொக்கி தேய்ந்து மூடி சற்றே தூக்கிக்கொண்டாலும் கேமரா அணைந்துவிடும். மூடியை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒழுங்காக ஓடுகிறது என்றால் இதுதான் காரணம். அப்படியும் இல்லை என்றால் பழுது மூளைப் பலகையிலோ ஷட்டர் தொகுதியிலோ இருக்கிறது, இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, திரையில் வந்த வரியை அப்படியே எழுதிக் கொடுப்பதும், எந்த நிலையில் வருகிறது, எதை விலக்கினால் வருவதில்லை என்று சொல்வதும் பாதி வேலையை முடித்துவிடும். பாக்கெட் கேமராவில் லென்ஸ் தொகுதியை முழுதாக மாற்றுவதுதான் வழக்கம், பல பழைய மாடல்களுக்கு அது இப்போது கிடைப்பதில்லை. ஆகவே செலவை முதலில் கேட்டுக்கொண்டு, அதே கேமரா செகண்ட் ஹேண்டில் என்ன விலை போகிறது என்று ஒப்பிட்ட பின்னரே சம்மதிக்க வேண்டும். லென்ஸ் பழுதால் கார்டில் உள்ள படங்களுக்கு எந்தச் சேதமும் வராது. கடையில் கொடுக்கும் முன் கார்டை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.